இறப்புக் கணக்கில் ஏறாத பத்து ஆண்டுகள்

அபிராமத்தில் ஒருவருக்கு 50 வயதில் பக்கவாதம் வருகிறது, 60 வயதில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறப்புப் பதிவேட்டில் அது ஒரே ஒரு வரி. கை கால் முடங்கிக் கிடந்த பத்து ஆண்டுகள் அதில் இல்லை.

நோய்ச்சுமைக் கணக்கு அவற்றையும் சேர்க்கிறது. முடக்கத்தின் கடுமைக்கு 0.3 என மதிப்பிட்டால், பத்து ஆண்டுகளில் மூன்று ஆண்டு இழப்பு. நோயில்லாவிட்டால் இன்னும் 25 ஆண்டு வாழ்ந்திருப்பார் என்றால், மொத்தம் 28 ஆண்டுகள் பறிபோயின.

இப்படிக் கணக்கிட்டு 2017இல் வெளியான இந்திய மாநிலங்களின் அறிக்கையில், தமிழகத்தில் முதலிடம் மாரடைப்பு தரும் இதயநோய்க்கு.

ஒரு குறை உண்டு. வீட்டில் நிகழும் பல மரணங்களுக்கு மருத்துவர் காரணம் எழுதுவதில்லை. குடும்பத்தாரிடம் அறிகுறிகளைக் கேட்டுத்தான் காரணத்தை ஊகிக்கிறார்கள். அந்தப் பதில் தவறினால், சுமை வேறொரு நோயின் பெயரில் ஏறிவிடும்.