"எப்படி இருக்கீங்க?" என்று ஒரு குறுஞ்செய்தி

கையில் பட்டன் போன். இணையம் கிடையாது, செயலி கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தையும் மருத்துவமனைத் தேதியையும் நினைவூட்டும் குறுஞ்செய்தியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

கென்யாவில் 2007-ல் மூன்று மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. எச்.ஐ.வி. மருந்து எடுக்கத் தொடங்கியிருந்த 538 பேர் அதில் பங்கேற்றார்கள். மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது என்பதுதான் அங்கே பெரிய பாடு. பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை ஒரே ஒரு சொல் போனில் வந்தது. "மாம்போ?" சுவாஹிலி மொழியில், எப்படி இருக்கீங்க என்று கேட்பது. நலம் என்றால் "சாவா" என்று பதில் அனுப்ப வேண்டும். தொல்லை இருந்தால் "ஷீடா". ஷீடா என்று சொன்னவர்களையும், 48 மணி நேரத்துக்குள் பதிலே அனுப்பாதவர்களையும் செவிலியர் போனில் அழைத்துப் பேசினார்.

அந்தச் செய்தியில் மருந்து என்ற சொல்லே இல்லை, நோயின் பெயரும் இல்லை. வீட்டில் நாலு பேர் புழங்கும் போனாக இருக்கலாம். யார் எடுத்துப் பார்த்தாலும் நலம் விசாரித்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஓராண்டு முடிவில், செய்தி வந்தவர்களில் நூற்றுக்கு 62 பேர் மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தார்கள். செய்தி வராதவர்களில் 50 பேர். அந்த ஒரு சொல் மட்டும் தனியாக இதைச் செய்திருக்காது. பதில் வராவிட்டால் கவனிக்க ஓர் ஆள் இருந்தார். பலன் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அப்படியானால் தினமும் அனுப்பலாமே என்று தோன்றும். அதையும் கென்யாவிலேயே இன்னொரு குழு பார்த்தது. மாத்திரைக் குப்பி எப்போது திறக்கப்படுகிறது என்று பதியும் மூடியை வைத்து, 431 பேரை 48 வாரம் கவனித்தார்கள். வாரம் ஒரு செய்தி பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் பத்தில் ஒன்பது வேளையாவது மருந்தை எடுத்தார்கள். செய்தியே பெறாதவர்களில் அப்படிச் செய்தவர்கள் 40 சதவீதம். தினமும் செய்தி பெற்றவர்களிடம் மட்டும் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. தினம் கேட்கும் மணியோசை காதில் விழாமல் போவதைப் போலத்தான் இது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் எழுதினால் 70தான். அந்த எழுபதையும் போன் நம்மைப் போல எண்ணாது. "தேதி" நமக்கு இரண்டு எழுத்து. போனுக்கு நான்கு, ஏனென்றால் கொம்பையும் கொக்கியையும் அது தனித்தனியாக எண்ணும். "ஆஸ்பத்திரிக்கு" என்பதை நாம் எட்டு எழுத்து என்போம், போன் பதினான்கு என்னும். எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடைந்து, கட்டணமும் இரண்டாகிவிடும்.

ஒரு செய்தி எழுதிப் பார்ப்போம்.

"செவ்வாய் 15ஆம் தேதி காலை 9 மணி. ஆஸ்பத்திரிக்கு அட்டையுடன் வரவும்."

இடைவெளியும் புள்ளியும் சேர்த்து இது 65. ஒரே செய்தியில் அடங்கிவிடும். இதில் "நாளை" என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. மின்சாரம் இல்லாமலோ சார்ஜ் தீர்ந்தோ போன் அணைந்து கிடந்தால், செய்தி போன் நிறுவனத்தின் மையத்தில் காத்திருந்து, போன் உயிர்பெற்ற பிறகே வரும். இரண்டு நாள் கழித்து "நாளை" வந்து சேர்ந்தால், அதைப் படிப்பவர் தவறான நாளில் பஸ் ஏறிவிடுவார். கிழமையும் தேதியும் எழுதினால் அந்தத் தவறு நேராது.

இன்னொரு சிக்கல். நிறுவனப் பெயரில் வரும் குறுஞ்செய்திக்கு நாம் பதில் அனுப்ப முடியாது. அதனால் மாம்போ கேட்பது போன்ற உரையாடல் நடக்க வேண்டுமென்றால், பதில் அனுப்பக்கூடிய எண்ணிலிருந்துதான் செய்தி போக வேண்டும். பதில் அனுப்பக் காசில்லாதவர் என்ன செய்வார்? மிஸ்டு கால் கொடுப்பார். நம் மக்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. "சிக்கல் என்றால் இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள்" என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பழைய போனில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியலாம், படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தே உதவாது. அவர்களுக்குக் குரல் அழைப்புதான் வழி. நோயாளியைப் பதியும்போதே, அவர் எதிரில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, "படித்துக் காட்டுங்கம்மா" என்று கேட்டுவிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

நேயர்களில் செவிலியர், மருந்துக் கடைக்காரர், கிராம சுகாதாரப் பணியாளர் இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். செய்தி அனுப்பும் நாளிலேயே, பதில் வராதவர்களை யார் அழைப்பார் என்று ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.