நிழல் வலைக்குப் பாரமே அத்திவாரம்



தோட்டத்தில் இரண்டு அடி குழி தோண்டக் கஷ்டமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை வேறு. அங்கே பல இடங்களில் செம்மண் ஓரிரு அடிதான். அதன் கீழே சுண்ணாம்புக்கல். அந்தத் தரையில் மரக்கறிப் பாத்திக்கு நிழல் வலை போடும் கணக்கைத்தான் இன்று சொல்கிறோம்.

வலைப் பந்தல் பாரத்தால் சாய்வது குறைவு. காற்று வலையைப் பாய்போல மேலே தூக்குவதால்தான் அது விழுகிறது. குடாநாட்டில் வைகாசி முதல் சோளகக் காற்று பலமாக வீசும். மாரியில் புயலும் வரும். 2020 டிசம்பரில் புரெவி வந்ததை மறந்திருக்க மாட்டோம். ஆகவே தூணைக் கீழே பிடித்து வைக்கப் பாரம் வேண்டும்.

20 அடிக்கு 40 அடி நிலத்தை எடுப்போம். பத்தடிக்கு ஒரு தூண் என்றால் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் 15 தூண். குழிக்குள் ஒன்றரை அடி, வெளியே ஏழு அடி. 20 அடி இரும்புக் குழாய் ஒன்றில் இரண்டு தூண் வெட்டலாம். எட்டுக் குழாய் போதும்.

குழி ஓரடிச் சதுரம், இரண்டு அடி ஆழம். அதில் நிறையும் கொங்கிரீட் ஏறக்குறைய 130 கிலோ. ஓரடியிலேயே கல் தட்டினால் உடைக்க வேண்டாம். குழியை ஒன்றரை அடிச் சதுரமாக அகட்டுங்கள். ஆழம் குறைந்தாலும் பாரம் குறையாது. குழாயின் அடியில் துளையிட்டு ஒரு குறுக்குக் கம்பி செருகினால் குழாய் உருவி வராது.

கம்பியை நீளவாக்கில் மூன்று, குறுக்கே ஐந்து என இழுக்கிறோம். அதோடு விடக்கூடாது. ஒவ்வொரு நுனியையும் ஓரத் தூணுக்கு வெளியே ஐந்தடி தள்ளி, தரையில் ஒரு கன அடி கொங்கிரீட்டில் பதித்த கொக்கியில் கட்ட வேண்டும். இல்லையேல் இழுத்த கம்பியே ஓரத் தூணை உள்ளே சாய்த்துவிடும். நுனிகள் 16. கம்பி 400 அடி வாங்கினால் போதும்.

தூணுக்கு 30, கொக்கிக்கு 16, ஆக 46 கன அடி கொங்கிரீட். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு மணல், நான்கு சல்லி என்றால் சேதாரத்தோடு ஒன்பது மூடை. கடல் மணல் போட்டால் உப்பு குழாயை அரிக்கும். ஏழு நாள் நனைத்துக் காயவிட்ட பிறகே கம்பியை முறுக்குங்கள்.

வலை மேலே 800 சதுர அடி. சுற்றிலும் ஓரடி தொங்கவிட 924. குழாய் நுனியில் பழைய டியூப்பைச் சுற்றாவிட்டால் வலை அங்கேதான் கிழியும்.

காற்று அடித்த மறுநாள் ஒவ்வொரு தூணின் அடியையும் பாருங்கள். கொங்கிரீட்டைச் சுற்றி மண்ணில் விரல் நுழையும் வெடிப்பு இருந்தால் தூண் ஆடியிருக்கிறது. அங்கே கொங்கிரீட்டை இன்னும் அகட்டிப் போட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் எந்தப் பாரத்தையும் நம்ப வேண்டாம். வலையை அவிழ்த்துச் சுருட்டுங்கள். அதற்காகவே அதை அவிழ்க்கக்கூடிய கயிற்றால் கட்டுகிறோம்.