கல்லில் இல்லாத புள்ளி



கடலூரை அடுத்த திருவயிந்திரபுரம் தேவநாயகப் பெருமாள் கோயிலில் மூன்றாம் இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. காலம் கி.பி. 1231–32. கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், போசள வீரநரசிம்மனின் தண்டநாயகர்கள் படையெடுத்து வந்து அவனை மீட்டதையும் உரைநடையிலேயே சொல்லும் அரிய ஆவணம் அது. ஹுல்ட்சு அதனை 'எபிகிராபியா இண்டிகா' ஏழாம் தொகுதியில் பதிப்பித்தார்.

இத்தகைய கல்வெட்டின் மைப்படியை இக்கால எழுத்தில் பெயர்ப்பவருக்கு முதலில் எதிர்ப்படுவது புள்ளியின்மை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடில்லை. ரகரமும் காலும் ஒன்றே. ஆகவே 'தெவர' என்று தாளில் தெரிவது தேவர் ஆகலாம், தேவா ஆகலாம். தொடரின் பொருளே முடிவு செய்யும். போதாக்குறைக்கு, மைப்படியில் எழுத்து வெண்மையாக விழுவதுபோல் கல்லின் பொரிவும் வெண்மையாகவே விழும். செங்குத்தான ஒரு பொரிவு காலாகத் தோன்றிவிடும். உளி வெட்டிய கோடு ஏறக்குறைய ஒரே அகலமாய், ஓரம் சீராய் இருக்கும். பொரிவின் ஓரம் பிசிறும். ஐயம் நீங்காவிடில் பக்கவாட்டில் ஒளி விழ எடுத்த படத்தோடு ஒப்பிடவேண்டும்.

இனிச் சிதைவு. ஒரு தாளில் 'இராசராசதே' என்பதன்பின் ஏழு செ.மீ. அழிந்து, 'கு யாண்டு' என்று தொடர்வதாகக் கொள்வோம். சிதையாத இடத்தில் பத்தெழுத்து முப்பது செ.மீ. பிடிக்கிறது. 'தேவற்கு' என்றால் இழந்தவை இரண்டெழுத்து. 'தேவர்க்கு' என்றால் மூன்று. கணக்கு இரண்டே மூன்றிலொரு எழுத்து என்று வரும்! றகரம் அகலமானது, ரகரம் ஒடுங்கியது. ஆகவே இரண்டுமே பொருந்தும். அதே சுவரில் அதே கையெழுத்தில் 'தேவற்கு' வேறிடத்தில் இருந்தால் 'தே[வற்*]கு' என்று எழுதலாம். உடுக்குறி, அது பதிப்பாசிரியர் சேர்த்தது என்பதற்கு அடையாளம். மங்கலாகத் தெரியும் எழுத்துக்கு உடுக்குறியில்லாத சதுர அடைப்பு. சான்றில்லையேல் புள்ளிகளிட்டு, ஏழு செ.மீ. என்ற அளவையும் இரு பாடங்களையும் அடிக்குறிப்பில் தருவதே நேர்மை.

'சக்கரவத்திகள்' என்று கல்லில் இருந்தால் ரகர ஒற்றை உள்ளே நுழைக்கக் கூடாது. கல் சொன்னபடி எழுதி, திருத்தத்தைப் பிறை அடைப்பிலோ அடிக்குறிப்பிலோ காட்டவேண்டும். நம் புலவர்களின் இலக்கணப் பற்று இவ்விடத்தில்தான் பகையாகிறது.

எண்ணில் மட்டும் ஊகம் ஆகவே ஆகாது. ௧, ௭, ௮ ஆகியவை க, எ, அ என்னும் எழுத்துகளாகவே தோன்றும். ௰௬ என்பதில் பின் இலக்கம் அழிந்திருந்தால் அந்த ஆண்டு பதினொன்று முதல் பத்தொன்பது வரை எதுவும் ஆகலாம். மன்னன் மீட்கப்பட்ட செய்தி 1226க்கும் 1235க்கும் இடையே அலையும். அங்கே '௰[.]' என்று எழுதி நிறுத்திக்கொள்ளவேண்டும்.