இரண்டு நிமிஷ ராமன்
(குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)

 

ஆடுகோடியில் எங்கள் பேத்தி படிக்கும் பள்ளியில் மாறுவேடப் போட்டி. போன வருஷம் பிறந்த தேதி, பட்டம், பரிசு என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் போனாள். நடுவில் ஒரு வருஷம் மறந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. அழுதுகொண்டே மேடையிலிருந்து இறங்கினாள்.

இந்த வருஷம் சர் சி.வி. ராமன் வேஷம். பொறுப்பு என் தலையில். இந்தத் தடவை பட்டியல் வேண்டாம், ஒரே ஒரு நாள் போதும் என்று முடிவு செய்தேன். 1921-ல் ஐரோப்பாவிலிருந்து அவர் கப்பலில் திரும்பிய சமயம்.

"தாத்தா, வானம் தெரியறதுனாலதானே கடல் நீலமா இருக்கு?" என்று கேட்டாள். அன்று பெரிய விஞ்ஞானியான ராலே பிரபுவும் அப்படித்தான் சொல்லியிருந்தார். ராமன் அதைச் சோதித்த விதத்தை வீட்டிலேயே காட்டினேன். வாளித் தண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் பளபளத்தது. போலராய்டு கண்ணாடி வழியாகச் சாய்வாகப் பார்த்து, கண்ணாடியை மெள்ளத் திருப்பச் சொன்னேன். ஒரு நிலையில் பளபளப்பு மறைந்து, வாளியின் அடி தெரிந்தது. குழந்தை துள்ளிக் குதித்தாள். பிறகு எழுதிய வசனம் இது:

"நான் ராமன். கல்கத்தாவில் பகலில் நிதி இலாகா உத்தியோகம், மற்ற நேரத்தில் ஆராய்ச்சி என்று பல வருஷம் இருந்தேன். இப்போது பேராசிரியர். இதோ, என் சட்டைப் பையில் நிக்கோல் பட்டகம். கடலில் தெரியும் வானத்தின் ஒளியை இதைத் திருப்பி மறைக்கிறேன். அட, நீலம் போகவில்லையே! இன்னும் அழகாக அல்லவா தெரிகிறது! அப்படியானால் நீலம் தண்ணீரிலிருந்தே வருகிறது. ஊருக்குப் போய் ஆராய வேண்டும்."

இதில் ஒரு சங்கடம். நீர் ஒளியைச் சிதறடிப்பதே நீலத்துக்குக் காரணம் என்று ராமன் கருதினார். தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதே முக்கியக் காரணம் என்று இன்று தெரியும். சிதறல் மீதி நீலத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. குழந்தை வாயில் தப்பைப் போடலாமா? அதனால் அவர் கண்ணால் கண்டதோடு வசனத்தை நிறுத்தினேன். "கடல் நீலத்துக்காக நோபல் கிடைத்தது" என்று பலர் எழுதித் தருவதும் சரியல்ல. சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்று 1928-ல் கண்டதற்குத்தான் 1930-ல் பரிசு.

தலைப்பாகை, மூடிய கோட்டு, கையில் ஒரு அட்டைக் குழல். நடுவில் ஒரு வரி மறந்து நின்றாள். எனக்குப் பகீரென்றது. அவளோ குழலைக் கண்ணில் வைத்துத் திருப்பினாள், "அட, நீலம் போகவில்லையே!" என்று தானாக வந்தது. பரிசு வேறொரு குழந்தைக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் எங்கள் பேத்தி கேட்டது அந்தப் போலராய்டு கண்ணாடியைத்தான்.