எண்ணிக்கை எவரிடமிருந்து தொடங்குவது?



தாம்பரத்தில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்குமாறு பணித்தவர்களுக்கு என் வந்தனம். பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரையில், ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த இப்புறநகரங்களில், கணினியில் ஜாதகம் கணித்துப் பொருத்தம் பார்த்துத் தரப்படும் என்ற பலகை இல்லாத கடைத்தெரு அரிது. அக்கணினியின் முன் அமர்ந்திருப்பவர் முதலில் கேட்பதும் பெண்ணின் நட்சத்திரம் எது, பிள்ளையின் நட்சத்திரம் எது என்பதைத்தான். இரண்டு பெண்கள், அல்லது இரண்டு ஆண்கள், தங்கள் ஜாதகங்களைக் கொண்டுவந்து வைத்தால் அக்கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பதே இன்று நம் முன்னுள்ள விஷயம். கிரகங்கள் மனித வாழ்வை ஆளுகின்றனவா என்ற பழைய வாதத்தை நான் இங்கே எழுப்பப் போவதில்லை. அதற்கு வேறு மேடைகளும், என்னைவிட உரத்த குரல்களும் உண்டு. விதிகளை விதிகளாகவே எடுத்துக்கொண்டு, அவற்றுள் எவை கணவன் மனைவி என்ற பேதத்தின்மேல் நிற்கின்றன என்று பார்ப்பதே என் வேலை.

இது நேற்று முளைத்த கேள்வி என்று எவரும் எண்ண வேண்டாம். கணிதத்தில் உலகப் புகழ் பெற்றவரும், சோதிடத்தைத் தொழிலாகவே நடத்தியவருமான சகுந்தலா தேவி, ஒருபால் விருப்பினரைப் பற்றி 1977ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதில் ஸ்ரீரங்கத்து வைணவ பண்டிதர் ஒருவரைக் கண்டு அபிப்பிராயம் கேட்டபோது, முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய் அன்பு கொண்ட ஆன்மாக்கள் இப்பிறவியில் உடல் மாறிப் பிறந்தும் ஒன்றையொன்று தேடி வருகின்றன என்ற கருத்தில் அவர் விடை கூறியதாகப் பதிவாகியிருக்கிறது. நம் காலத்திலோ, 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில், மதுரையை விட்டுச் சென்னையில் அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில் அத்தகையோரின் பாதுகாப்புக்காக விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தார். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபாலினரின் விவாகத்தைச் சட்டபூர்வமாக்க இயலாதென்று தீர்ப்பளித்தது. பதிவாளர் அலுவலகத்தில் இடமில்லாதவர்கள் பஞ்சாங்கத்தை நாடுவது, ஒருவேளை, முன்னிலும் அதிகமாகலாம்.

தமிழ்நாட்டு வழக்கிலுள்ள தசப் பொருத்தங்களில் வேதை என்பது இன்ன நட்சத்திரத்துக்கு இன்னது ஆகாது என்ற ஜோடிப் பட்டியல். அசுவினிக்குக் கேட்டை ஆகாதென்றால் கேட்டைக்கும் அசுவினி ஆகாது. அங்கே ஆண் பெண் என்ற கேள்வியே எழுவதில்லை. சிக்கல் பிறப்பது எண்ணிப் பார்க்கும் பொருத்தங்களில்தான். ஏனெனில் தினம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம் ஆகிய மூன்றிலும் பெண்ணின் நட்சத்திரத்தை முதலாகக் கொண்டு பிள்ளையின் நட்சத்திரம் வரையில் எண்ண வேண்டும் என்பது சம்பிரதாயம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருத்தியின் நட்சத்திரம் மிருகசீரிடம், மற்றொருத்தியின் நட்சத்திரம் உத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிருகசீரிடத்திலிருந்து எண்ணினால் உத்திரம் 8ஆவது; உத்திரத்திலிருந்து எண்ணினால் மிருகசீரிடம் 21ஆவது. நட்சத்திரங்கள் 27 ஆகையாலும், இரு முனைகளையும் சேர்த்தே எண்ணுகிறோமாகையாலும், நட்சத்திரங்கள் வேறாயின் போகும் எண்ணும் திரும்பும் எண்ணும் சேர்ந்து எப்போதும் 29 ஆகும். இனித் தினப் பொருத்தம்: எண்ணை 9ஆல் வகுத்து மீதி 2, 4, 6, 8 அல்லது பூஜ்யம் வந்தால் உத்தமம். 8க்கு மீதி 8, பொருத்தம் உண்டு. 21க்கு மீதி 3, பொருத்தம் இல்லை. ஸ்திரீ தீர்க்கமோ இதற்கு நேர் விரோதமாகப் பேசுகிறது: 13க்கு மேற்பட்டால் உத்தமம், 7க்கு மேற்பட்டால் மத்திமம் என்ற கணக்கில் முதல் எண்ணிக்கை மத்திமமும் இரண்டாவது உத்தமமும் ஆகின்றன. எவளைப் ‘பெண்’ என்ற கட்டத்தில் எழுதுகிறோம் என்பதை மாற்றினால், ஒரு பொருத்தம் போய் இன்னொன்று உயர்கிறது. ஜாதகங்கள் அவையே, கிரகங்களும் அவையே. வயதில் மூத்தவரை ஆண் ஸ்தானத்தில் வைக்கலாம் என்றோ, நடையுடையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றோ ஒருவர் சொல்லக்கூடும். அவ்விரண்டுக்கும் எண்ணிக்கை விதியில் ஆதாரம் இல்லை என்பதோடு, பின்னது மரியாதையும் அல்ல.

இந்த 29ஐப் பிடித்துக்கொண்டு இன்னும் சற்று நடந்தால், தினப் பொருத்தம் இரு திசையிலும் உத்தமமாவது மீதி பூஜ்யமாகவோ 2ஆகவோ இருக்கும்போது மாத்திரமே என்பதும், ஸ்திரீ தீர்க்கம் இரு திசையிலும் உத்தமமாவது எண்ணிக்கை 14 அல்லது 15 ஆகும்போது மாத்திரமே என்பதும் விளங்கும். மகேந்திரத்தில்தான் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 4, 7, 10, 13, 16, 19, 22, 25 என்ற அதன் எண்களை 29லிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். அதே எட்டு எண்களே திரும்பி வருகின்றன. பெண்ணிலிருந்து எண்ணுக என்று கட்டளையிடும் விதி, யாரிடமிருந்து எண்ணினாலும் ஒரே விடையைத் தருகிறது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் பலன் புத்திர விருத்தி. கணக்கு இருவருக்கும் பொருந்த, பலன் பொருந்தாமல் நிற்கிறது.

இவ்விபரீதம் பெரிதாகத் தெரிவது ரஜ்ஜுவில். இருவர் நட்சத்திரமும் ஒரே ரஜ்ஜுவில் விழலாகாது என்பது விதி. மாங்கல்ய பலம் பார்ப்பது இதைக் கொண்டே என்பதால், மற்றவை பொருந்தியும் இது ஒன்று பொருந்தாமல் நின்றுபோன சம்பந்தங்கள் நம் ஊர்களில் அநேகம். விதியிலே எந்தப் பேதமும் இல்லை. பலனிலோ சிரோ ரஜ்ஜுவானால் கணவனுக்கு ஹானி, கண்ட ரஜ்ஜுவானால் மனைவிக்கு ஹானி, உதர ரஜ்ஜுவானால் புத்திர நஷ்டம் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். மிருகசீரிடமும் சித்திரையும் சிரோ ரஜ்ஜு. அவ்விரு நட்சத்திரங்களில் பிறந்த இரு பெண்கள் வந்தால், அந்த ஹானியை யார் தலையில் வைப்பது? தொடை ரஜ்ஜுவுக்குச் சொல்லிய தரித்திரமும், பாத ரஜ்ஜுவுக்குச் சொல்லிய ஓயாத அலைச்சலும் எந்த இருவருக்கும் பொதுவாகலாம். முதல் மூன்றும் அவ்வாறல்ல. பலனைச் சொல்ல வழியில்லாதபோது அதைக் காட்டி அச்சுறுத்தவும் வழியில்லை என்பது என் முடிபு. விதியே பலனைவிட மேலானது என்று வாதிப்பவர்கள் இச்சபையில் இருப்பார்கள், அவர்கள் வாதத்தைக் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

செவ்வாய் தோஷம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இருவருக்கும் இருந்தால் பொருந்தும் என்ற வழக்கு எந்த இருவருக்கும் செல்லும். பெண் ஜாதகத்தில் எட்டாம் இடத்தை மாங்கல்ய ஸ்தானமாக வாசிக்கும் மரபு மாத்திரம் இங்கே மறுபரிசீலனைக்குரியது.

எண் கணிதக்காரர்களுக்கு வேலை இலகு. பிறந்த தேதியின் எண் 1 என்றும் 4 என்றும் வந்தால் அவை நட்பா பகையா என்பதில் ஆணும் பெண்ணும் இல்லை. ஆயினும் அங்கும் ஒரு வாசல் வழியாகக் கணவன் நுழைகிறான்: விவாகமான பெண் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவனின் முதலெழுத்தை ஏற்பாள் என்று கொண்டு, ஆங்கில எழுத்துக்களுக்குரிய மதிப்பைக் கூட்டிப் புதிய பெயரெண் காண்பது வழக்கம். தந்தையின் பெயர் S என்று தொடங்க, கணவனின் பெயர் R என்று தொடங்கினால் 3 போய் 2 வரும். கூட்டெண்ணில் ஒன்று குறையும். இருவரும் தத்தம் முதலெழுத்தோடேயே வாழ்வார்களாயின், அந்தக் கணக்குக்கு அவசியமே நேராது.

ஆகவே இக்கருத்தரங்கின் ஆலோசனைக்கு ஒரு யோசனையை வைக்கிறேன். இத்தகைய இருவருக்குப் பொருத்தத் தாள் எழுதுகையில் ‘பெண்’, ‘பிள்ளை’ என்ற தலைப்புக்களை நீக்கி இரு நட்சத்திரங்களை மாத்திரம் குறித்து, எண்ணும் பொருத்தங்களில் போகும் எண், திரும்பும் எண் இரண்டையும் எழுதி, இரண்டும் ஒத்தால் ஒத்ததென்றும், பிணங்கினால் நூல் இதற்கு விடை வைக்கவில்லையென்றும் சோதிடர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வேறு வேறு நட்சத்திரம் காட்டும் சந்தி நேரப் பிறப்புக்களில் இது நான்கு கணக்காகப் பெருகும் என்ற ஆட்சேபம் எழும் என்பதை அறிவேன். காலை அமர்வின் முதற்கட்டுரை அந்தச் சந்தி நேரத்தைப் பற்றியதே; கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.