கணினி எழுப்பும் 'பீப்' ஒலி



கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில், மாணவி ஒருத்தியின் பழைய மேசைக் கணினி சென்ற மழைக்காலத்தில் நின்றுபோயிற்று. விசையை அழுத்தினால் திரை இருண்டே கிடந்தது; உள்ளிருந்து நீண்ட 'பீப்' ஒலி மட்டும் விட்டுவிட்டு ஓயாமல் வந்தது. கடைக்காரர் தாய்ப்பலகை போய்விட்டது என்றாராம். அதை மாற்றும் விலைக்கு வேறொரு பழைய கணினியே வாங்கிவிடலாம். பள்ளிக்கட்டுரையோ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

கணினி ஏன் கத்த வேண்டும்? விசையை அழுத்தியதும் அது தன் உறுப்புகளைத் தானே சோதிக்கிறது. திரையில் எழுத்து வருமுன்பே குறை தெரிந்துவிட்டால், அதை ஒலியால்தான் சொல்ல முடியும். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

அந்த மாணவியின் பலகையில் இருந்தது 'அவார்ட்' என்னும் தொடக்க நிரல். அதில் ஒரே குறுகிய ஒலி என்றால் எல்லாம் நலம். நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் நினைவகம், அதாவது 'ரேம்' பட்டை, சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். ஆகவே பலகையைச் சாகடிக்குமுன் பட்டையைப் பார்ப்போம் என்றோம்.

மின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டோம். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் பட்டையைக் கெடுக்காதிருக்க இது வேண்டும். இரண்டு பட்டைகளையும் எடுத்து, பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளைத் துடைத்தோம். நம் கடலோரக் காற்றில் அந்த விளிம்பு மங்கிப்போவது வியப்பல்ல.

பிறகு ஒரு பட்டையை மட்டும் முதல் துளையில் அழுத்தி, மின்சாரம் கொடுத்தோம். அதே நீண்ட ஒலி. மின்சாரத்தை நிறுத்தி, அதே பட்டையை இரண்டாம் துளையில் இட்டோம். ஒரு குறுகிய 'பீப்', திரை ஒளிர்ந்தது! மற்றப் பட்டையும் இரண்டாம் துளையில் வேலை செய்தது, முதல் துளையில் செய்யவில்லை. ஆகக் குறை பட்டைகளில் இல்லை, துளையில்தான். ஒரே பட்டையோடு கணினி சற்று மெதுவாக ஓடுகிறது, கட்டுரை அச்சாகிவிட்டது.

அதே பலகையில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் வந்திருந்தால், கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருப்போம். அட்டைக்குத் தனி மின்கம்பி உண்டென்றால் அதையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். எல்லாப் பலகைக்கும் ஒரே கணக்கு இல்லை. பழைய 'ஏ.எம்.ஐ.' நிரலில் மூன்று குறுகிய ஒலி நினைவகத்தையும், எட்டு குறுகிய ஒலி கிராபிக்ஸ் நினைவகத்தையும் குறிக்கும். ஆதலால் ஒலியை எண்ணித் தாளில் குறித்துக்கொண்டு, பலகையின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஒலியே வராவிட்டால் பயப்பட வேண்டாம். புதிய பலகைகள் பலவற்றில் அந்தச் சின்ன ஒலிபெருக்கியே இருப்பதில்லை. பலகையில் அதற்கான ஊசிகள் இருந்தால், தனியாக வாங்கிப் பொருத்தலாம்.