கதவை அடித்துச் சாத்தும்போது

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உளவளத்துணைப் பணியில் இருக்கும் பழைய மாணவிகள் என்ற முறையில் எங்களைப் பேச அழைத்தீர்கள். நாங்கள் ஒரு விடயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் ஒருவர் கத்துகிறார், கதவை அடித்துச் சாத்துகிறார். அதை எப்படி விளங்கிக்கொள்வது? கத்துபவர் நாமாகவே இருந்தால் என்ன செய்வது?

"அவர் ஒருநாளும் கை நீட்டினதில்லை. கோபம் வந்தால் கொஞ்சம் சத்தம் போடுவார், அவ்வளவுதான்." இந்த வசனத்தை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். இதைச் சொல்பவர் பெரும்பாலும் கணவரைப் பற்றி முறையிட வந்தவர் அல்லர். நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர்.

இப்படியான வீட்டில் சத்தம் எவ்வளவு பெரிது என்று நாங்கள் கேட்பதில்லை. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்போம். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகிறதா? ரியூசன் காசு கட்டவேண்டும் என்பதைச் சொல்ல மனைவி நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கிறாவா? தாயுடன் தொலைபேசியில் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறாவா? இவற்றுக்கு "ஓம்" என்றால், அந்த வீடு ஒருவருடைய கோபத்தைச் சுற்றி ஒழுங்கு செய்யப்பட்டுவிட்டது. கை நீட்டவில்லை என்பது அங்கே ஆறுதல் அல்ல.

அடுத்து, அவர் எங்கே வெடிக்கிறார் என்று பாருங்கள். அலுவலகத்தில் மேலதிகாரி ஏசினால் பேசாமல் இருக்கிறார். கத்திக்கொண்டிருக்கும்போது அயலவர் கூப்பிட்டால் உடனே குரல் தணிகிறது. உடைவது எப்போதும் மனைவியின் பொருள், தன்னுடையது அல்ல. அப்படியானால் அவரால் அடக்க முடிகிறது. அடக்க வேண்டிய இடம் என்று வீட்டை அவர் கருதவில்லை, அவ்வளவுதான். வாசலை மறித்து நிற்பது, கைத்தொலைபேசியைப் பறிப்பது, பக்கத்துச் சுவரில் குத்துவது, பயமுறுத்துவதற்காக வாகனத்தை வேகமாக ஓட்டுவது ஆகியவை இன்னும் பாரதூரமானவை. கழுத்தில் கை வைத்துவிட்டால் அது உயிராபத்துக்கான அறிகுறி. அதற்குப் பிறகு பொறுத்திருந்து பார்க்க ஒன்றுமில்லை.

இந்த நிலைக்கு வராத வீடுகளில், அமைதியான ஒரு நாளில் ஒரு விடயத்தை மட்டும் பேசிப் பாருங்கள். "நேற்று நீங்கள் கதவை அடித்துச் சாத்தினபோது பிள்ளை நடுங்கினவள். அது இனி நடக்கக்கூடாது." அவருடைய பதிலில் நிறையத் தெரியும். வெட்கப்பட்டு, என்ன செய்யலாம் என்று கேட்பவருடன் சேர்ந்து வேலை செய்யலாம். "நீதான் என்னைக் கத்த வைக்கிறாய்" என்பவருடன் சேர்ந்து உளவளத்துணைக்கு வரவேண்டாம் என்றே சொல்கிறோம். அறைக்குள் நீங்கள் சொன்ன உண்மைக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும். தனியாக வாருங்கள். இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையங்களுக்குப் போகலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மாத்திரம் பற்றியதல்ல. தொடர்ந்து நடக்கும், பாரதூரமான, கொடூரமான, அவமானப்படுத்தும் நடத்தையும் அதற்குள் வருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் தனியாகப் பேசுவதில் தொடங்கலாம்.

இனி எங்கள் பக்கம். ஆண் கத்தினால் கோபம் என்கிறோம், பெண் கத்தினால் களைப்பு என்கிறோம். கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய் வங்கியில் வேலை. பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறது. கணவர் பிந்தி வருவார். பின்னேரங்களில் அவ கத்துகிறா, அலுமாரிக் கதவை அடித்துச் சாத்துகிறா, பிறகு அழுகிறா. இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதச் சொல்வோம்: எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, மனதில் என்ன ஓடியது, என்ன செய்தேன். கொப்பியைப் பார்த்தால் ஏழு தடவை வெடிப்பு. அதில் ஐந்து, ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில், மதியம் ஒழுங்காகச் சாப்பிடாத நாட்களில். மனதில் ஓடியது ஒவ்வொரு முறையும் "எல்லாம் என் தலையிலேதான்" என்பது. கத்துவதற்கு முன் தாடை இறுகுகிறது, காது சுடுகிறது. ஆகவே கோபம் "திடீரென்று" வரவில்லை. அதற்கு நேரமும் அறிகுறியும் இருக்கின்றன.

வேலை அந்த அறிகுறியில் தொடங்குகிறது. கோபம் ஏறினால் அதிரினலின் இரத்தத்தில் கலந்து நெஞ்சு வேகமாக அடிக்கிறது. தம்பதிகளின் சண்டைகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வதைக் கேட்க முடியாமல் போகிறது என்கிறார். உடம்பு தணிய குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பதும் அவர் சொல்வதே. ஆகவே அமைதியான ஒரு நாளில் கணவனும் மனைவியும் ஓர் ஒழுங்குக்கு வரவேண்டும். தாடை இறுகினால் அவ "எனக்கு அரை மணித்தியாலம் வேணும், ஏழரைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். மற்றவர் பின்னால் போய்க் கேள்வி கேட்கக்கூடாது. பிள்ளையை அந்த நேரம் யார் பார்ப்பது என்பதையும் முன்பே பேசி வைக்கவேண்டும்.

அந்த அரை மணித்தியாலத்தில் மெதுவாக நடக்கலாம், பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடலாம், மூச்சை நீளமாக வெளியே விடலாம். தங்கைக்கு அழைத்து நடந்ததை முதலிலிருந்து சொன்னால் கோபம் மறுபடி ஏறும். தலையணையில் குத்துவதும் கோபத்தை இறக்காது. அது அடிக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

இந்த ஒழுங்கு பிழைக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். போனவர் திரும்பி வருவதில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தால் அதுவும் கதவை அடித்துச் சாத்துவதுதான், சத்தம் மட்டும் இல்லை. ஏழரைக்கு வந்து ஒரு வேண்டுகோளைச் சொல்லவேண்டும்: "செவ்வாயும் வியாழனும் நீங்கள் ஆறு மணிக்கு வந்து கணக்குப் பாருங்கோ." அத்தோடு நாலு மணிக்கு எதையாவது சாப்பிடுவதும் அந்த வீட்டில் கோபத்துக்கான வைத்தியமே.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் கத்திவிட்டால், செய்ததைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா கத்தினது பிழை. அது உன்னால் வந்ததில்லை." அதன் பின்னால் "ஆனால்" வந்தால் அது மன்னிப்பு அல்ல, குற்றச்சாட்டு.

நித்திரைக் குறைவு, பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு, மது, போர்க்கால இழப்பு ஆகியவை கோபத்தின் அடியில் கிடக்கலாம். அப்படியானால் கொப்பி மாத்திரம் போதாது. வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். காரணம் தெரிந்தால் சிகிச்சை கிடைக்கும். ஆனால் அந்தக் காரணம் கத்துவதற்கான அனுமதி அல்ல.

இரண்டு மாதம் கழித்து, குறைந்திருக்கிறதா என்று உங்களையே கேட்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். பிள்ளை திரும்பவும் கூடத்தில் இருந்து படிக்கத் தொடங்கியிருந்தால், அதுவே பதில்.